முத்தாயியின் முதுகு மயில்

புவனேஸ்வரிக்குத் தொய்வாக எது இருந்தாலும் ஆகாது. மாடியில் துணி காயப்போடும் கொடி தொங்கினால் இழுத்துக் கட்டுவாள். அவள் பின்னல் போட்டுவிட்டால் அவள் மகள், புருவம் நெற்றிக்கு ஏறி, பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் எதையோ பார்த்துத் திகைத்த மாதிரியே இருப்பாள். அவ்வளவு விறைப்பான பெண்ணுக்கு வாய்த்த கணவர்தான் அழகேசன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சட்டையில் பாதிப் பொத்தான் போட்டிருப்பார், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார், ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கல்யாணமான நாள்முதல் அவரையும் இழுத்துக் கட்டப் பார்க்கிறாள். கொடிதான் கட்டுப்பட்டது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அவளுடைய எம்ப்ராய்டரி கடையும் என் பியூட்டி பார்லரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். என் கஸ்டமருக்கு மீசையை எடுக்கும்போது அவள் மெஷின் சத்தம் கேட்கும், அவள் மெஷின் நிற்கும்போது என் கஸ்டமர் கத்துவது அவளுக்குக் கேட்கும். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பிரவீணா இல்லாததைச் சொல்கிறாள் என்று அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நாளைக்கு ஐப்ரோ எடுக்க என்னிடம்தானே வர வேண்டும்.

மெஷின் வாங்குவதற்கு முன்னால் பல வருஷம் கொக்கி ஊசியால் கையில் பூப்போடும் ஆரி வேலை செய்தவள் அவள். ஆரிக்குத் துணியைக் கட்டையில் இழுத்துக் கட்டுவார்கள். விரலால் தட்டினால் தவில் மாதிரி சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஊசி துணியைக் குத்தாது, துணிதான் ஊசியோடு போய்விட்டு வரும். புவனா கட்டிய துணியில் ஈ உட்கார்ந்தால் துள்ளி விழும் என்று அந்தக் காலத்தில் அவளோடு வேலை செய்தவர்களே சொல்வார்கள். அந்தக் கை அவளுக்கு வாழ்க்கை முழுக்க ஒட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வந்தபோது கட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் வளையம் வந்தது. வெளி வளையம், உள் வளையம், நடுவில் துணி, ஓரத்தில் முடுக்க ஒரு திருகு. புவனா அந்தத் திருகைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சிரித்தாள். துணிக்கு அடியில் ஒரு பேப்பர் வைக்க வேண்டும், தையல் விழும்போது துணியைத் தாங்குவதற்கு. தைத்து முடிந்ததும் கிழித்து எடுத்துவிடுகிற வெள்ளைப் பேப்பரைத்தான் அவள் எல்லாவற்றுக்கும் வைப்பாள். பட்டு, காட்டன், ரா சில்க் என்று எது வந்தாலும் தவில் மாதிரி முடுக்கு, பேப்பரை வை, ஓட்டு, கிழி. எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி வந்தது. தனக்குத் தெரியாதது இனி ஒன்றும் இல்லை என்ற நினைப்பு அவளுக்கு வந்துவிட்டது. எனக்கும் இப்படி ஒரு வருஷம் இருந்தது, அப்புறம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ப்ளீச் போட்டு முகம் வெந்துபோனதும் இறங்கிவிட்டது.

புவனாவுக்கு அந்த அடி முத்தாயி உருவத்தில் வந்தது.

முத்தாயி அக்கா வாலிகண்டபுரத்துக்காரர். சின்ன வெங்காயக் காட்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகிற மேஸ்திரி. காட்டின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போன் இல்லாமல் பேசக்கூடியவர். ஆள் அகலம், கை கனம். டிராக்டர் டிரெய்லரிலிருந்து ஒருமுறை விழுந்ததில் வலது தோள் சரியாகத் தூக்க வராது. இத்தனையும் சேர்ந்ததால் தைத்த ஜாக்கெட் எதுவும் அவருக்குப் பொருந்தியதே இல்லை. அளவெடுக்கிற ஒவ்வொரு டெய்லரும் டேப்பைச் சுற்றிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவானாம். ஒருத்தன் துணி பத்தாது என்று அவர் காதுபடவே கடைப் பையனிடம் சிரித்திருக்கிறான். அவர் கல்யாணத்தில்கூட யாரோ ஒருத்தியின் இரவல் ஜாக்கெட்தான், ஹூக் எட்டாமல் ஊக்கு குத்தி, மணவறையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இழுத்தால் வருகிற ஸ்ட்ரெச் ஜாக்கெட் கடைக்கு வந்த பிறகுதான் வாழ்க்கையில் கையைத் தூக்கவே ஆரம்பித்தேன் என்றார்.

இப்போது அவர் மகளுக்குத் திருமழபாடிக் கோயிலில் கல்யாணம். பெண்ணுக்கு மேக்கப் நான்தான். முத்தாயி இலைப்பச்சையில் இரண்டு ஸ்ட்ரெச் ஜாக்கெட்டைப் புவனாவின் மேசையில் வைத்தார். அந்த நிறத்தில் அவர் அளவுக்குக் கடையில் இருந்ததே அந்த இரண்டுதான். ஒன்றின் முதுகில் மயில் வேண்டும், மற்றது சும்மா மாற்றுக்கு.

"எல்லாப் பொம்பளைவளும் முதுவுல எதையாச்சும் போட்டுக்கிட்டு நிக்கிறாளுவ. என் முதுவு எம்மாம் பெருசு, எடமா இல்ல? ஒரு மயில வுடு புள்ள," என்றார்.

புவனா மயிலை விட்டாள். தன் வழக்கப்படி ஜாக்கெட்டின் ஹூக்கைப் பிரித்து, முதுகுப் பக்கத்தை வளையத்தில் போட்டு, நாலு பக்கமும் இழுத்து, திருகை முடுக்கினாள். அந்தத் துணியோ இழுக்க இழுக்க வருகிற துணி. அவளோ வருகிற வரைக்கும் இழுக்கிற பெண். இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். தட்டிப் பார்த்தாள், தவில் சத்தம் கேட்டது, என்னைக் கூப்பிட்டும் காட்டினாள். மெஷின் ஓடி முடிந்தபோது வளையத்துக்குள் அந்த மயில் அப்படி இருந்தது. தோகையில் ஒவ்வொரு கண்ணும் தெளிவாக, மினுமினுவென்று. நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

வளையத்தைக் கழற்றினாள். துணி தன் பழைய அளவுக்குச் சுருங்கியது. நூல் சுருங்கவில்லை. எங்கள் கண் முன்னாலேயே மயில் கிழவியாகிப் போனது. தோகையைச் சுற்றித் துணி கொசகொசவென்று மடிந்து, கழுத்து ஒரு பக்கம் இழுத்து, மழையில் நனைந்த கோழியைப் போலக் குந்தி உட்கார்ந்துவிட்டது. அடிப் பேப்பரைக் கிழித்ததும் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்தேன்.

புவனா இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். சூடு இருக்கும் வரை மயில் படுத்திருந்தது, ஆறியதும் எழுந்து குந்தியது. நூலை மெஷின் அதிகமாக இழுக்கிறது என்று மேல் நூலின் இறுக்கத்தைக் குறைத்தாள். ஊசி சரியில்லை என்று உருண்டை முனை ஊசி மாற்றினாள். அது இப்படி இழுபடுகிற பின்னல் துணிக்குச் செய்ய வேண்டியதுதான், ஆனால் நோய் அங்கே இல்லை. தன் பழைய லெகிங்ஸை வெட்டி அதில் தைத்துப் பார்த்தாள். சுருக்கம். சரியாக முடுக்கவில்லை என்று இன்னும் முடுக்கினாள். இன்னும் சுருக்கம். திருகைத் திருக இடுக்கியே எடுத்துவிட்டாள். சுருக்கம் வந்தால் இழுக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வைத்தியம் தெரியாது. அவள் லெகிங்ஸ் எல்லாம் தீர்ந்து என்னுடையதைக் கேட்டபோது நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில் முத்தாயி வந்து நின்றார். மறைக்க நேரமில்லை. ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தவர், போட்டுப் பார்க்கிறேன் என்று என் பார்லர் திரைக்குப் பின்னால் போனார். வந்து முதுகைக் காட்டினார். கையைக் கீழே தொங்கவிட்டபோது மயில் கொஞ்சம் குறைவாகச் சுருங்கியிருந்தது. நான் கண்ணாடியைக் கொடுத்தபோது வாங்க இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். முதுகு விரிந்தது. மயில் நிமிர்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. கையை இறக்கினார், குந்திவிட்டது. நீட்டினார், நிமிர்ந்தது.

"அப்ப நான் கல்யாணம் முடியிற வரைக்கும் வரவன் போறவனுக்கெல்லாம் கும்புடு போட்டுக்கிட்டே நிக்கணும். ஓட்டு கேக்க வந்தவன்னு நெனச்சிக்கப் போறானுவ," என்றார் முத்தாயி.

மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு முத்தாயி ஸ்டூலில் உட்கார்ந்தார். சிரிப்பு நின்றது.

"வுடு புள்ள. முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது. நமக்குத்தான் துணியே ஒத்துக்காதே. உன் மேல குத்தமில்ல, என் ஒடம்பு வாகு அப்புடி," என்றார்.

டெய்லர் பெருமூச்சு விட்டதை எல்லாம் கதையாகச் சொல்லிச் சிரித்த மனுஷி, அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. புவனாவின் முகம் செத்துவிட்டது. திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள், அதில் அவள் கெட்டி. தான் செய்த தப்பை அந்த அம்மாள் எடுத்துத் தன் உடம்பின் மேல் போட்டுக்கொண்டதை அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, இன்னொரு தடவ கையை நீட்டுங்க," என்றாள் புவனா.

நீட்டினார். இறக்கச் சொன்னாள். மறுபடி நீட்டச் சொன்னாள். போலீஸ் பரேடு மாதிரி நடந்தது. பிறகு ஸ்டூலின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க ஒடம்புல ஒண்ணும் இல்லக்கா. நான் இழுத்து வச்சித் தச்சிருக்கேன். இழுத்தாத்தான் அது சரியா இருக்கும், வுட்டா எப்புடி இருக்கும்," என்றாள்.

மயில் விரிந்திருக்க வேண்டுமானால் துணி வளையத்தில் இருந்த அளவுக்கே வாழ்நாள் முழுக்க விரிந்திருக்க வேண்டும். எந்த முதுகும் அப்படி இருக்காது. இரண்டாவது ஜாக்கெட்டையும் வைத்துவிட்டுப் போங்கள், மயில் இல்லாமல் உங்களைக் கல்யாணத்துக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். முத்தாயி யோசித்தார். அதுவும் கெட்டால் கல்யாணத்துக்கு எடுத்த புடவையோடு போட ஒரு ஜாக்கெட் கிடையாது. மறுபடியும் யாரிடமாவது இரவல்தான், மறுபடியும் ஊக்குதான். வைத்துவிட்டுத்தான் போனார். நானாயிருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

அடுத்து நடந்ததில் என் லெகிங்ஸும் ஒன்று போயிற்று, மனசார நானே கொடுத்தேன். இப்போது துணியை இழுக்காமல் தளர்வாக வளையத்தில் போட்டாள். அடியில் அதே கிழிக்கும் பேப்பர். சுருக்கம் குறைந்தது, ஆனால் போகவில்லை. அதோடு தோகையின் கரை தோகையை விட்டு விலகி வேறொரு மயிலுக்குப் போட்டது போல நின்றது. திருப்பிப் பார்த்தாள். ஊசி குத்திய இடமெல்லாம் பேப்பர் தபால் தலை ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகித் தானாகவே பிய்ந்து கிடந்தது. பாதித் தையலிலேயே பேப்பர் கை கழுவிவிட்டது. அப்புறம் அந்த இளகிய துணியைத் தாங்க ஆளில்லை. ஒவ்வொரு தையலும் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டு பேப்பர் வைத்தாள். இரண்டும் சேர்ந்து பிய்ந்தன.

கிழியாத பேப்பர் வேண்டும் என்று அவள் முனகியபோது என் கண் அவள் சாமி அலமாரியில் போய் நின்றது. மெஷின் வாங்கியபோது கம்பெனிக்காரன் கொடுத்த ஒரு சுருள், துணி மாதிரி மெத்தென்று இருக்கும், கையால் கிழிக்கவே வராது. கிழியாத பேப்பரை வைத்து என்ன செய்வது, ஏமாற்றிக் கொடுத்திருக்கிறான் என்று திட்டிவிட்டு, அதை வெட்டி முருகனுக்கும் பிள்ளையாருக்கும் அடியில் விரித்திருந்தாள். கிழிப்பதற்கு அல்ல, தைத்த பிறகு ஓரத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டு, மற்றதைத் துணியோடு நிரந்தரமாக விட்டுவிடுவதற்குத்தான் அந்த ரகம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முருகனை ஸ்டூலுக்கு மாற்றினோம். மீதிச் சுருள் பீரோ மேல் தூசியோடு இருந்தது.

இந்த முறை வளையத்தில் துணியையே போடவில்லை. அந்தச் சுருளை மட்டும் போட்டு முடுக்கினாள். தவில் சத்தம் வந்தது. அதன் மேல் ஒட்டும் ஸ்ப்ரேயை லேசாக அடித்து, லெகிங்ஸ் துணியை இழுக்காமல் சும்மா படிய வைத்தாள். சுற்றிலும் பெரிய பெரிய தையலாக ஒரு கட்டம் ஓட்டி, நகராமல் பிடித்துக்கொண்டாள். தோகையில் நூல் அடர்த்தியையும் குறைத்தாள். இறுக்கமெல்லாம் அடியிலேயே நின்றுகொண்டது, துணிக்கு ஒரு பாரமும் இல்லை. கழற்றியபோது மயில் அப்படியே படுத்திருந்தது. லெகிங்ஸை இழுத்தேன், விட்டேன். சுற்றிலும் துணி போய் வந்தது, மயில் அசையவில்லை. புவனா என்னைக் கட்டிப் பிடித்தாள். அதுவும் இறுக்கமாகத்தான்.

கடைசியில் அந்த ஒற்றை ஜாக்கெட். அதன் முதுகில் சாக்பீசால் நேர்க்கோடுகள் போட்டாள், குறுக்கும் நெடுக்கும். துணி இழுபட்டால் கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ப்ரே அடித்தாள், படிய வைத்தாள், தடவினாள். கோடு வளைந்தது. எடுத்தாள், மறுபடி வைத்தாள். வளைந்தது. ஆரி பிடித்த அவள் கைக்குத் துணியைத் தொட்டால் இழுக்காமல் இருக்கத் தெரியவில்லை. லெகிங்ஸில் கெட்டால் போகட்டும் என்றிருந்த கை, இதில் பயத்தில் இன்னும் இழுத்தது. நான் வைக்கவா என்றேன். நீ என்னைவிடப் பயந்து கிடக்கிறாய் என்றாள். உண்மைதான், அந்த ஜாக்கெட் கெட்டால் அந்த அம்மாள் முகத்தில் என்னாலும் விழிக்க முடியாது.

அப்போது அழகேசன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு படியேறி வந்தார். சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க வந்தவர். புவனா அவரையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"கையக் கழுவிட்டு வாங்க. இந்தத் துணிய அதுமேல போடுங்க. நீங்க எப்பவும் எப்புடி வேல செய்வீங்களோ அப்புடிச் செஞ்சாப் போதும்," என்றாள்.

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். ஜாக்கெட்டை எடுத்து, கட்டிலில் தான் எப்படி விழுவாரோ அப்படியே வளையத்தின் மேல் விட்டார். உள்ளங்கையை மேலே வைத்து, அழுத்தாமல், அவசரப்படாமல், நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோனார். அவருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதே. கோடுகள் ஸ்கேல் வைத்தது போல நேராக நின்றன. போதும், கையை எடுங்க என்றாள் புவனா.

மெஷினை மெதுவாக ஓட்டினாள். ஜாக்கெட்டின் மிச்சப் பகுதி தொங்கித் துணியை இழுத்துவிடாமல் அழகேசன் அதை மேசை மேல் கையில் தாங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறிப்போயிற்று. தையல் முடிந்ததும் சுற்றியிருந்த கட்டத் தையலைப் பிரித்தாள், மயிலைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு அடியில் இருந்த சுருளை வெட்டினாள், முதுகில் உறுத்தாமல் இருக்க உள்ளே மெல்லிய துணி ஒன்றை ஒட்டினாள். முத்தாயி வந்து வாங்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் மயிலைத் தடவினார். காட்டுக்குக் கேட்கிற குரலை அன்றைக்கு நாங்கள் கேட்கவே இல்லை.

திருமழபாடியில் பெண்ணுக்கு மேக்கப் முடித்துவிட்டு நான் வெளியே வந்தபோது முத்தாயி பந்தலில் சுழன்றுகொண்டிருந்தார். சமையல்காரரைக் கையை வீசித் திட்டினார், தட்டைத் தூக்கினார், குனிந்தார், சம்பந்தி அம்மாளைக் கட்டிப் பிடித்தார். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தார். முதுகு முழுக்க ஊருக்குத் தெரிந்தது. யாரைப் பார்த்தாலும் ஒரு காரணம் கண்டுபிடித்து முதுகைத் திருப்பினார். புவனா பந்தியில் உட்காராமல் அவர் பின்னாலேயே அலைந்தாள். அழகேசன் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

தாலி கட்டியதும் குடும்பப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்து நின்றார்கள். முத்தாயி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போட்டோக்காரன் அஜித்குமார் சின்னப் பையன், பயந்துகொண்டே, அம்மா இந்தப் பக்கம் திரும்புங்க என்றான். பந்தலே சிரித்தது. அவர் திரும்பவில்லை.

புவனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போட்டோக்காரனிடம் போனாள். லைட்டை நேராக வைத்து அடிக்காதே, பக்கத்திலிருந்து அடி என்று அதட்டினாள். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் துணியில் ஒரு மயிரிழைச் சுருக்கம்கூட நிழல் காட்டிவிடும், அது எனக்கும் தெரியும். அவன் லைட்டை நகர்த்தினான். பச்சைத் துணியில் வெளிச்சம் படுத்துக்கொண்டு ஓடியது. ஒரு நிழல் விழவில்லை. புவனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மா முகம் வேணாமா என்று பையன் மறுபடியும் கேட்டான்.

"மூஞ்சியத்தான் ஆதார் கார்டுல புடிச்சி வச்சிருக்கானுவளே தம்பி. இது இன்னிக்கித்தான் வந்திருக்கு, இதப் புடி," என்றார் முத்தாயி.

அந்தப் போட்டோவைத்தான் பெரிதாகப் போட்டு அவர் வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார்.